ஊர் மாறினால் மாதச் செலவு: ஒப்பீட்டு அட்டவணை

இப்போது கைக்கு வரும் சம்பளம் 100 என்று வைத்துக் கணக்கிட்டது. பெரியவர் இருவர், பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று.

| இனம் | இப்போது | புது ஊர் | குறிப்பு |
|---|---|---|---|
| கைச்சம்பளம் | 100 | 130 | பிடித்தம் போக |
| வாடகை | 22 | 41 | அதே இரண்டு படுக்கையறை. பராமரிப்புக் கட்டணம் சேர்த்து |
| போக்குவரத்து | 6 | 11 | பைக்கில் 20 நிமிடம். அங்கே ரயில் மாறி 70 நிமிடம் |
| சாப்பாடு | 20 | 25 | நேரமில்லாததால் வாரம் மூன்று நாள் வெளியே |
| பள்ளி | 12 | 21 | வேன் சேர்த்து |
| மொத்தம் | 60 | 98 | |
| மிச்சம் | 40 | 32 | |

30 சதவீத உயர்வு என்றார்கள், கையில் 8 குறைகிறது. இதே மிச்சம் நிற்க 138 வேண்டும். அதைத்தான் கேட்கப் போகிறேன்.

ஒருமுறைச் செலவு தனி: முன்பணம் 82 (இரண்டு மாத வாடகை, காலி செய்யும்போது திரும்பும்), லாரி 18, பள்ளிச் சேர்க்கை 30. ஆக 130, முதல் மாதச் சம்பளம் முழுசாக.

வாடகையைக் குறைக்க இன்னும் தள்ளிப் போகலாம். 41 என்பது 33 ஆகும், பயணம் 100 நிமிடமாகும். பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு வந்து சேருவேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.