தோசை கிழியாமல் வருகிறதா? பொங்கலுக்கு வாங்கிய கல்லைப் பற்றி எழுதுங்கள். உள்ளே 15% கூப்பன்

வணக்கம்.

பொங்கல் விற்பனையில் எங்களிடம் 10 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல்லும் 2 லிட்டர் கல்சட்டியும் வாங்கினீர்கள். நன்றி. இரண்டும் வந்த அன்றே மதிப்பிடக்கூடிய பொருட்கள் இல்லை என்பதால் விற்பனை முடிந்த கையோடு கருத்துக் கேட்கவில்லை. இந்நேரம் கல்லில் நாலைந்து தடவையாவது தோசை வார்த்திருப்பீர்கள், கல்சட்டியும் அடுப்பேறியிருக்கும். இப்போது நீங்கள் எழுதினால்தான் அடுத்து வாங்குபவருக்குப் பயன்.

எழுதுவதற்கு முன், இன்னும் தோசை ஒட்டிக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள்.

ஓரம் எழும்பி நடுவில் மட்டும் கிழிகிறதா? கல்லை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தால், பழக்கும்போது எண்ணெய் கூடுதலாகிவிட்டது. தடிமனாகப் பூசிய எண்ணெய் இறுகாமல் பிசின் மாதிரி நின்றுவிடும். மாவு அதில்தான் பிடித்துக்கொள்கிறது. கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுக்கப் போகும்வரை அடுப்பில் காயவையுங்கள். பிறகு அரை ஸ்பூன் நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுக் கல் முழுக்கத் தடவுங்கள். காய்ந்த துணியால், தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்து எடுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தத் துடைப்பைத்தான். மிதமான தீயில் லேசாகப் புகை வரும்வரை வைத்து ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் மினுமினுப்பான கறுப்பு வரும். துடைக்கும் துணியில் கொஞ்சம் கறுப்பு ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது கருகிய எண்ணெய்.

கல் பழகியும் முதல் தோசை மட்டும் கிழிகிறதென்றால் தவறு கல்லின் சூட்டில்தான். தண்ணீர் தெளித்ததும் சொட்டுகள் உருண்டு ஓடினால் சூடு அதிகம். தீயைக் குறைத்து, இன்னொரு முறை தெளித்து, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிய பக்கத்தால் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு மாவை ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றாதீர்கள். ஜில்லென்ற மாவு பட்ட இடத்தில் கல்லின் சூடு சட்டென்று இறங்கிவிடும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கல்சட்டிக்குப் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும். விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் வைத்துக் கழுவியிருப்பீர்கள். அதன்பின் சோறு வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி ஆறவிடுவதை ஐந்து நாளாவது செய்தால்தான் சட்டி சூட்டுக்குப் பழகும். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தியிருந்தால் இப்போது தொடர்ந்தாலும் போதும். காலிச் சட்டியை அடுப்பில் வைக்காதீர்கள். தீ எப்போதும் சிறிதாகத் தொடங்க வேண்டும். குழம்பு தயாராவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியைக் கல்லின் சூடே பார்த்துக்கொள்ளும். இது மாக்கல் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது.

சட்டியில் வெள்ளைக் கோடு தெரிகிறது, விரிசலா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் அது கல்லிலேயே ஓடும் ரேகை. தட்டினால், சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது விரிசல்தான். ஒரு படம் எடுத்து இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். பிப்ரவரி 10 வரை மாற்றித் தருகிறோம், திருப்பி அனுப்பும் செலவும் எங்களுடையதே.

உங்கள் கருத்து

இணையதளத்தில் உள்நுழைந்து ‘எனது ஆர்டர்கள்’ பக்கத்தில் பொருளின் படத்துக்குக் கீழே இருக்கும் ‘கருத்து எழுத’ பொத்தானை அழுத்தினால் போதும். தமிழிலேயே எழுதலாம். ‘சூப்பர்’ என்ற ஒரு சொல்லைவிட எங்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவுவது இதுதான்: உங்கள் வீட்டில் கேஸா இண்டக்‌ஷனா, எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள், 10 அங்குலம் போதுகிறதா, எத்தனையாவது நாளில் தோசை ஒட்டாமல் வந்தது. கல் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு படமும் போட்டால் மிக நல்லது. புதுக் கல் சாம்பல் நிறம். பழகிய கல் எப்படி இருக்கும் என்பதை வாங்க வருபவர்கள் பார்க்க வேண்டும்.

குறை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தாலும் நீக்க மாட்டோம். கீழே உள்ள கூப்பன் கருத்துக்கான கூலி இல்லை, எழுதாதவர்களுக்கும் அதே 15% தான். பொங்கலுக்கு முன் 10 அங்குலக் கல் தீர்ந்துபோய், சிலருக்கு ஜனவரி 17-க்குப் பிறகுதான் அனுப்ப முடிந்தது. உங்களுடையதும் அப்படித் தாமதமாகியிருந்தால் மன்னியுங்கள். அதையும் தாராளமாகக் குறிப்பிடலாம்.

அடுத்து எது தேவைப்படும்

இன்னொரு தோசைக்கல் வேண்டாம், ஒன்றே பல தலைமுறைக்கு வரும். ஆனால் அதே கல்லில் சப்பாத்தியும் போடுகிறீர்கள் என்றால் தனிக் கல் வாங்குவது நல்லது. சப்பாத்தி எண்ணெய் இல்லாத சூட்டில் வேகிறது. உதிரும் மாவு கருகிப் படிகிறது. நீங்கள் பாடுபட்டுப் பழக்கிய எண்ணெய்ப் படலம் அதில் காய்ந்து போய், மறுநாள் தோசை ஒட்டும். 9 அங்குல இரும்புச் சப்பாத்திக்கல் ரூ. 640, கூப்பனோடு ரூ. 544.

கல்சட்டிக்குப் பிரிமணை கட்டாயம் வேண்டும். கொதிக்கும் சட்டியைக் குளிர்ந்த கிரானைட் மேடையில் நேராக இறக்கினால் அடியில் விரிசல் விழும். கயிற்றுப் பிரிமணை ரூ. 120, கூப்பனோடு ரூ. 102. வீட்டில் பழைய பிரிமணை இருந்தால் அதுவே போதும், வாங்காதீர்கள். எவர்சில்வர் கரண்டி மாக்கல்லைக் கீறிவிடும் என்பதால் கொட்டாங்கச்சி அகப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்: சிறியதும் பெரியதும் சேர்த்து ரூ. 180, கூப்பனோடு ரூ. 153.

பணம் செலுத்தும் பக்கத்தில் கூப்பன் கட்டத்தில் இதைத் தட்டச்சிடுங்கள்:

```
KALL15
```

பிப்ரவரி 15, ஞாயிறு நள்ளிரவு வரை செல்லும். ஒரு கணக்குக்கு ஒரு முறைதான், அதனால் வேண்டியதை எல்லாம் ஒரே ஆர்டராகப் போடுங்கள். தள்ளுபடிக்குப் பிறகு ரூ. 500-க்கு மேல் இருந்தால் அனுப்பும் செலவு இல்லை, குறைந்தால் ரூ. 60. பிரிமணையும் அகப்பையும் மட்டும் வாங்கினால் ரூ. 255 ஆகும், அதோடு அந்த 60 சேரும்.

கல்லோ சட்டியோ இன்னும் படுத்தினால், என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரியும் ஒரு படமும் அனுப்புங்கள். படத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் எண்ணெய் கூடுதலா, சூடு கூடுதலா என்று தெரிந்துவிடும். திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6-க்குள் பதில் வரும்.

அன்புடன்,
கடையின் பொதி கட்டும் பிரிவும் வாடிக்கையாளர் உதவிப் பிரிவும்

இதுபோன்ற மின்னஞ்சல்கள் வேண்டாமென்றால் ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்புங்கள், நிறுத்திவிடுகிறோம். ஆர்டர் பற்றிய தகவல்கள் மட்டும் வழக்கம்போல் வரும்.