பொருள்: மாம்பழக் கூழ் படங்கள் - பழம், லேபிள், நிறம்

வணக்கம் தினேஷ்,

நேற்று அனுப்பிய ஏஐ படங்களைப் பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து விழும் வெளிச்சமும் மெல்லிய நிழலும் பிரமாதம். அதை மாற்றவே வேண்டாம். திருத்தம் எல்லாம் பழத்தில்தான்.

படத்தில் இருப்பது கன்னம் சிவந்த உருண்டைப் பழம். நம் பாட்டிலில் இருப்பதோ பெங்களூரா, அதாவது தோத்தாபுரி. நீளமாக இருக்கும், நுனி கிளிமூக்கு போல வளையும், பழுத்தாலும் தோலில் பச்சை கொஞ்சம் நிற்கும். மாம்பழம் என்று மட்டும் சொன்னால் ஏஐ அந்தச் சிவப்புப் பழத்தைத்தான் கொடுக்கிறது. கிருஷ்ணகிரி மண்டிக்கு ஒரு தடவை வந்தவர்கூட அது நம்ம பழம் இல்லை என்று சொல்லிவிடுவார். மண்டியில் நான் எடுத்த போட்டோக்களை இணைத்திருக்கிறேன். அவற்றை ரெஃபரன்ஸாகக் கொடுத்து, பிராம்ப்ட்டை இப்படித் தொடங்குங்கள்:

```
Totapuri mango, elongated, curved beak-like tip,
greenish-yellow skin, no red blush
```

காம்பருகே பால் கறை தெரிந்தால் அழிக்காதீர்கள். மரத்திலிருந்து வந்த பழம் அப்படித்தான் இருக்கும்.

கூழின் நிறத்துக்கு பெங்களூரா `#F2B134`, அல்போன்சா `#EE8A1D`. ஒன்றின் படத்தை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. பளிச்சென்று தெரியட்டும் என்று சாச்சுரேஷனை ஏற்றவும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் நிறம் வெளிறித் தெரிந்தால், வாங்கியவர் நம்மைத்தான் சந்தேகப்படுவார். கூழ் கரண்டியிலிருந்து கனமாக விழ வேண்டும், தேன் மாதிரி நூலாக ஒழுகக் கூடாது. பாட்டிலுக்குள்ளோ பக்கத்திலோ பழத்துண்டுகள் வேண்டாம். நம் கூழில் துண்டு கிடையாது.

லேபிளை ஏஐ-யிடம் விடவே வேண்டாம். தமிழ் எழுத்தைச் சிதைத்துவிடுகிறது. அதைவிட முக்கியம், லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் சைவத்துக்கான பச்சைக் குறியும் இருக்கின்றன. அதில் ஒரு இலக்கம் மாறினாலும் நமக்குப் பெரிய சிக்கல். லேபிள் இல்லாத வெறும் பாட்டிலாக உருவாக்கி, நான் அனுப்பிய PNG-ஐ போட்டோஷாப்பில் ஒட்டுங்கள்.

பின்னணிக்கு நம் பக்கத்துச் சாம்பல் நிற கிரானைட் பலகை போதும். வாழையிலை, குத்துவிளக்கு, கோலம் எதுவும் வேண்டாம். அதெல்லாம் எல்லாப் பிராண்டிலும் பார்த்துச் சலித்தது. விவசாயி முகத்தை மட்டும் தயவுசெய்து உருவாக்காதீர்கள். நமக்குப் பழம் தருபவர்கள் நிஜ மனிதர்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, எடுத்த போட்டோக்களைத் தனியாக அனுப்புகிறேன்.

அமேசான் முதல் படத்துக்கு ஏஐ வேண்டாம். தூய வெள்ளைப் பின்னணியில், படத்தின் பரப்பில் 85% பாட்டிலே நிறைந்திருக்கும் நிஜப் போட்டோதான் போடப் போகிறோம். உங்கள் படங்கள் இன்ஸ்டாகிராமுக்கும் (1080×1350) இணையதள பேனருக்கும்.

வியாழன் மாலைக்குள் பெங்களூரா படம் இரண்டு மட்டும் அனுப்புங்கள். அது சரியாக வந்த பிறகு அல்போன்சாவைத் தொடலாம். இந்தத் திருத்தத்துக்கு ஆகும் நேரத்தையும் பில்லில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கவிதா
கிருஷ்ணகிரி