அனுமதியின்றித் தொடர்ந்து பணிக்கு வராதது குறித்த எச்சரிக்கைக் கடிதம்

நாள்: 12.08.2024
இடம்: சூலூர், கோயம்புத்தூர் மாவட்டம்

பெறுநர்:
திரு. மு. செல்வகுமார்
சைடர், ரிங் பிரேம் பிரிவு
டோக்கன் எண் 417

பொருள்: 2024 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 10 வரை அனுமதி பெறாமலும் தகவல் சொல்லாமலும் பணிக்கு வராத நாட்கள் – எழுத்துமூலமான முதல் எச்சரிக்கை

அன்புள்ள திரு. செல்வகுமார் அவர்களுக்கு,

இது எச்சரிக்கைக் கடிதம். வேலைநீக்க உத்தரவு அல்ல, பணியிடை நீக்கமும் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடிதத்தைக் கடைசி வரை படியுங்கள். யாராவது படித்துக் காட்டினால் நல்லது என்று தோன்றினால், தொழிலாளர் குழு உறுப்பினர் ஒருவரையோ உங்களுக்கு நம்பிக்கையான சக தொழிலாளி ஒருவரையோ உடன் வைத்துக்கொள்ளலாம்.

கீழ்க்கண்ட பத்து நாட்களில் உங்களுக்கு ஷிப்ட் போடப்பட்டிருந்தும் நீங்கள் வரவில்லை: ஜூன் 3, 10, 24, 25, ஜூலை 8, 15, 16, 29, ஆகஸ்ட் 3, 5. இந்த நாட்களுக்கு விடுப்பு விண்ணப்பம் ஏதும் இல்லை. மேஸ்திரிக்கோ டைம் ஆபீசுக்கோ போன் வந்ததாகவும் பதிவு இல்லை. இவற்றில் ஏழு நாட்கள் திங்கட்கிழமை, அதாவது உங்கள் ஞாயிறு வார விடுமுறைக்கு அடுத்த நாள்.

எந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் 18 முதல் 20 வரை காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்று கொடுத்தீர்கள். அந்த மூன்று நாட்களும் நோய் விடுப்பு. ஜூலை 22 அன்று மகனை அரசு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே மேஸ்திரிக்குப் போன் செய்தீர்கள்; அது ஈட்டிய விடுப்பாகப் பதிவாகியிருக்கிறது. ஜூன் 11 அன்று உங்கள் விரல்ரேகை மிஷினில் விழவில்லை. ஆனால் மேஸ்திரியின் நோட்டில் நீங்கள் முழு ஷிப்டும் வேலை பார்த்ததாக இருக்கிறது. அதனால் அன்று வந்ததாகவே வைத்துக்கொண்டோம், சம்பளமும் கொடுத்தாயிற்று.

இதை எழுதக் காரணம் உண்டு. தகவல் சொல்வது எப்படி என்பது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஜூலை 22 அன்று சரியாகவே செய்தீர்கள், விடுப்பும் அன்றே கிடைத்தது. மீதிப் பத்து நாட்களில் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. உங்கள் கணக்கில் விடுப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023-ல் நீங்கள் 276 நாட்கள் வேலை செய்திருக்கிறீர்கள். இருபது நாளுக்கு ஒரு நாள் என்று அதற்கு 14 நாள் ஈட்டிய விடுப்பு சேர்ந்தது. பொங்கலுக்கு ஐந்தும் ஜூலை 22-க்கு ஒன்றும் போக இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

இந்த விஷயம் இன்றுதான் முதன்முறையாக உங்களிடம் பேசப்படுகிறது என்றும் இல்லை. ஜூன் 12 அன்று ஷிப்ட் சூப்பர்வைசர் உங்களிடம் நேரில் சொன்னார். ஜூலை 17 அன்று ஸ்பின்னிங் மாஸ்டர் உங்களை அழைத்துப் பேசினார். தங்கை கல்யாண வேலையாக அலைந்ததாகவும், இனி சொல்லாமல் நிற்கமாட்டேன் என்றும் அன்று நீங்கள் சொன்னது குறிப்பேட்டில் எழுதப்பட்டு, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. கல்யாண வேலை என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விளக்கத்தை மாஸ்டர் ஏற்றுக்கொண்டு, மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஜூலை 29, ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 5 என்று மூன்று நாட்கள் சொல்லாமல் வரவில்லை.

ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. அன்று ஊருக்குப் போக ஆசைப்படுவதில் தவறு ஏதும் இல்லை. உங்கள் பிரிவிலேயே ஐந்து பேர் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து விடுப்பு வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்டும் கிடைக்காத இரண்டு பேர் அன்று வேலைக்கு வந்தார்கள். நீங்கள் கேட்கவும் இல்லை, வரவும் இல்லை. வந்து நின்ற அந்த இரண்டு பேருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

ரிங் பிரேமில் ஒரு சைடர் வராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் தன் சைடோடு உங்கள் சைடையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூல் அறுந்த இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் நியூமாபில் பெட்டியில் பஞ்சு நிறைந்துவிடும், ரோலரில் லேப்பிங் சுற்றிவிடும். ஜூலை 15 அரை நைட்டில் பதிலி ஆள் வந்து சேரும்வரை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், இரண்டு பிரேம்களை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று பதிலியும் கிடைக்கவில்லை. முழு நைட் பார்த்து முடித்த ஒருவர், காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர், பத்து மணி வரை உங்கள் இடத்தில் நின்றார். அவருக்கு ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கொடுத்துவிட்டோம், அது பெரிதல்ல. இரவெல்லாம் கண் விழித்தவரை ஓடுகிற மிஷின் முன்னால் மேலும் நான்கு மணி நேரம் நிறுத்துவது ஆபத்து. முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

அனுமதியின்றி அடிக்கடி வராமல் இருப்பது நமது மில்லின் நிலையாணைகளின்படி ஒழுங்கீனம். அந்த நிலையாணைகள் வாசல் அருகே அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதன்படி உங்களுக்கு இந்த எழுத்துமூலமான எச்சரிக்கை தரப்படுகிறது. உங்கள் பணிக் கோப்பில் சேர்க்கப்படும். வராத பத்து நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்கு மேல் அபராதமோ வேறு பிடித்தமோ இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முன்கூட்டியே தெரிந்த வேலை என்றால் விடுப்பை எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு நில்லுங்கள். திடீரென்று ஏதாவது வந்துவிட்டால், ஷிப்ட் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது மேஸ்திரிக்கோ டைம் ஆபீசுக்கோ நீங்களோ உங்கள் வீட்டாரோ போன் செய்ய வேண்டும். சக தொழிலாளியிடம் சொல்லி அனுப்புவது போதாது. அவர் மறந்துவிட்டால் பழி உங்கள் மேல்தான் விழும். உடல்நலக் குறைவு என்றால் திரும்பி வரும் நாளில் இ.எஸ்.ஐ. சான்றைக் கொடுத்துவிடுங்கள்.

இன்று முதல் நவம்பர் 12 வரை மூன்று மாதங்களுக்கு உங்கள் வருகை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பார்க்கப்படும். இந்தக் காலத்தில் மறுபடியும் அனுமதியின்றி, தகவலின்றி வராமல் இருந்தால் உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டு உள் விசாரணை நடக்கும். குற்றம் நிரூபணமானால் தற்காலிகப் பணிநீக்கமோ வேலைநீக்கமோ கூட முடிவாகலாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால், இப்படி ஆகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று நீங்கள் பிறகு சொல்லும் நிலை வரக்கூடாது. அப்படி விசாரணை வந்தாலும் உங்கள் தரப்பைச் சொல்லவும், சக தொழிலாளி ஒருவரின் உதவியை வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. உரிய தகவலோடும் காரணத்தோடும் எடுக்கும் விடுப்பு எதுவும் இந்த எச்சரிக்கையை மீறியதாகாது. ஓராண்டு வரை இதுபோல் மறுபடி நடக்காவிட்டால், அதன் பிறகு இந்தக் கடிதத்தை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

திங்கட்கிழமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிப்டில் ஆளுக்கொரு காரணம் பேசிக்கொள்வது எங்கள் காதுக்கும் வருகிறது. அவை எதையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை, இந்த முடிவுக்கு ஆதாரமாக எடுக்கவும் இல்லை. உண்மையான காரணம் உங்களிடம்தான் இருக்கிறது. ஊரிலிருந்து திங்கள் காலை முதல் பஸ் கிடைப்பதில்லை என்றால், உங்கள் வார விடுமுறை நாளை மாற்றவோ அந்த ஒரு நாள் மட்டும் அரை நைட்டில் போடவோ முடியுமா என்று மாஸ்டர் பார்ப்பார். வீட்டில் யாருக்காவது தொடர் சிகிச்சை நடக்கிறது, கடன் தொல்லை, குடிப்பழக்கத்தை விட முடியவில்லை – எதுவாக இருந்தாலும் என்னிடம் தனியாகச் சொல்லலாம். அது உங்கள் பிரிவுக்குப் போகாது.

உங்களுக்கே உடல்நலம் சரியில்லை என்றால் வேலை போய்விடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். இ.எஸ்.ஐ.-யில் தகுதி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அந்த உதவி வாங்கும் காலத்தில் உங்களை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

இந்தக் கடிதத்துக்கு ஆகஸ்ட் 19, திங்கள் மாலை 5 மணிக்குள் உங்கள் பதிலைத் தாருங்கள். கையால் தமிழில் எழுதினால் போதும். எழுதச் சிரமம் என்றால் டைம் ஆபீசில் வாயால் சொல்லலாம். அங்கே எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே கையெழுத்து வாங்குவார்கள். மேலே சொன்ன தேதிகளில் ஏதாவது தவறு என்றால் கட்டாயம் குறிப்பிடுங்கள். வருகைப் பதிவையும் மேஸ்திரியின் நோட்டையும் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு. தவறு எங்களுடையது என்று தெரிந்தால் அந்த நாளைத் திருத்தி, சம்பளத்தை அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துவிடுவோம். பதில் வராவிட்டால், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கை உறுதி செய்யப்படும்.

இந்தக் கடிதம் முதலில் ஆங்கிலத்தில் தயாரானது. அந்தப் பிரதியும் இதோடு இருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால், உங்களைப் பொறுத்தவரை இந்தத் தமிழ்க் கடிதத்தில் உள்ளதே செல்லும்.

ஆறு ஆண்டுகளாக நீங்கள் பார்த்த சைடுகளில் தரம் பற்றிப் புகார் வந்ததில்லை என்று மாஸ்டர் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதையும் கோப்பில் சேர்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனிதவள மேலாளர்

நகல்: ஸ்பின்னிங் மாஸ்டர், டைம் ஆபீஸ், பணிக் கோப்பு

பெறுகை ஒப்புதல்:
இந்தக் கடிதத்தின் தமிழ், ஆங்கிலப் பிரதிகள் இரண்டையும் இன்று பெற்றுக்கொண்டேன். இந்தக் கையெழுத்து கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே. இதில் உள்ளவற்றை நான் ஒப்புக்கொண்டதாக ஆகாது.
(கையொப்பம்) மு. செல்வகுமார், டோக்கன் எண் 417, 12.08.2024, பிற்பகல் 2.20 மணி