அறிவிப்பு: காஸ் சிலிண்டர் வைக்கும் இடமும் அடுப்படித் தீப் பாதுகாப்பும்

குடியிருப்போர் சங்கம், பெருமாள்புரம், பாளையங்கோட்டை
நாள்: 12.06.2026

ஏ, பி இரண்டு பிளாக்கிலும் குடியிருக்கும் 24 வீட்டாருக்கும்,

போன வாரம் ராத்திரி ஏ பிளாக் படிக்கட்டில் காஸ் வாடை அடித்தது பலருக்கும் தெரியும். இரண்டாம் மாடி நடையில் வைத்திருந்த ஸ்பேர் சிலிண்டர் ஒன்றின் வால்வு சரியாக அடையாமல் கசிந்திருக்கிறது. மேலே சேஃப்டி மூடியும் இல்லை. ஆனால் இரண்டாம் மாடியைவிடத் தரைத்தளத்து வாசலில்தான் வாடை தூக்கலாக இருந்தது. அங்கே தனியாக இருக்கும் ஆச்சிதான் முதலில் கதவைத் திறந்து சத்தம் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து, படி வழியாக இறங்கி, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். நம் கட்டடத்தில் அந்தப் பள்ளம் படிக்கட்டுக்கு அடிப்புறம். ஈ.பி. மீட்டர் பலகை, பெட்ரோல் வண்டிகள், சார்ஜ் போட்டு நிற்கும் ஸ்கூட்டர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வெளியே வந்தால் ஏறக்குறைய 250 மடங்கு வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். மாடியில் உள்ளவர் வைக்கும் சிலிண்டர் கீழே உள்ளவருக்கும் சேர்த்துத்தான் வைக்கிற சிலிண்டர் என்பதை ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்.

ஆகவே, படிக்கட்டு, அதன் அடிப்புறம், மாடி நடை, லிஃப்ட் வாசல், பார்க்கிங் எங்கும் சிலிண்டர் இருக்கக் கூடாது. காலி சிலிண்டரும் கூடாது. காலி என்று நாம் சொல்வதிலும் மிச்சம் காஸ் இருக்கும். சங்கத்தார் பார்த்தபோது படிக்கு அடியில் ஐந்து சிலிண்டர் இருந்தது. ஜூன் 20க்குள் அவரவர் எடுத்துவிட வேண்டும். ஒரு பிளாக்குக்கு ஒரே படிதான். தீப்பிடித்தால் வயதானவர்களும் குழந்தைகளும் இறங்க வேறு வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்குக் கொடுக்க முடியாது.

வீட்டுக்குள்

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் மேடைமேல் இருக்க வேண்டும். மேடைக்குக் கீழே கதவு போட்டு மூடியிருப்பவர்கள் அந்தக் கதவின் அடிப்பக்கத்தில் காற்று போகத் திறப்பு வைக்கவும். ஸ்பேர் சிலிண்டருக்கு மூடி போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பையும் பூஜை விளக்கையும் விட்டுத் தள்ளி வைக்கவும். நம்மில் பலர் வீட்டில் சாமி அலமாரியே அடுப்படியில்தான் இருக்கிறது. விளக்கு எரியும்போது சிலிண்டர் மாற்றவே வேண்டாம்.

காஸ் தீரப்போகும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்கவைத்து எரிக்கும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக வந்து அடுப்பில் குப்பென்று தீ எழும். வெந்நீரில் நிறுத்துவதும் கூடாது. பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு காஸ் மாற்றுவது சட்டப்படியும் தவறு. அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் தம்பிகள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்கவும்.

புது சிலிண்டர் வந்ததும் சீல் பாருங்கள். வால்வுக்குள் கருப்பு வாஷர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், அந்தச் சின்ன வளையம் இல்லாமலோ விரிசல் விட்டோ போனால் காஸ் கசியும். சிலிண்டர் போடும் தம்பியை நிறுத்தி, மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் வரும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறம் 'சி-27' போல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், எண் ஆண்டு. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

ஆரஞ்சு நிற டியூபுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். ஒரு வீட்டில் 2018 என்று அச்சிட்ட டியூப், அடுப்புப் பக்கம் எலி கடித்து உள்ளே கம்பி வலை தெரிய, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறை துடைத்து, வளைத்துப் பாருங்கள். துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றி மறைக்க வேண்டாம்.

இது ஆனி, ஆடிக் காற்றுக் காலம். ஜன்னலைத் திறந்தால் சிம்மில் வைத்த தீ அணைந்துபோய் காஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், மூடினால் கசிந்தது வெளியே போகாது. காற்று நேரே அடிக்கும் ஜன்னலை மட்டும் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள், அடுப்பை விட்டு நகராதீர்கள். ராத்திரி படுக்கும் முன்பும், சாரலுக்குக் குற்றாலம் போனாலும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனாலும் ரெகுலேட்டரை அடைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும்.

கல்யாண வீட்டார் மறுவீட்டுச் சொதிக்கு மொட்டை மாடியில் அடுப்புக் கூட்ட வேண்டாம். பின்புறக் காலியிடத்தில் சமைக்கலாம், இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். அதற்கு வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். சிலிண்டரை ஆட்களோடு லிஃப்டில் ஏற்றவும் கூடாது.

வாடை வந்தால்

சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் சேர்த்திதான். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தியை அணைத்து, அடுப்பையும் ரெகுலேட்டரையும் அடைத்து, கதவு ஜன்னலைத் திறந்து எல்லாரும் வெளியேறுங்கள். காலிங் பெல் அடிக்காமல் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். லிஃப்ட் வேண்டாம். ஃபிரிட்ஜ் தானாக ஓடும்போதும் பொறி வரும் என்பதால் மெயினை அணைப்பது நல்லது, ஆனால் கீழே மீட்டர் பக்கம் வாடை துளியும் இல்லையென்றால் மட்டுமே. வாட்ச்மேன் அண்ணாச்சி வண்டிகளை யாரும் ஸ்டார்ட் செய்யாமல் பார்த்துக்கொள்வார். வெளியே வந்தபிறகு 1906க்கு அழையுங்கள், காஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

தீப்பிடித்தால்

முறுக்கு, அதிரசம் சுடும் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ கூரை வரை எழும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. ரெகுலேட்டர் பக்கம் சின்னதாகத் தீ என்றால் நன்றாக நனைத்த பருத்தித் துணியைக் கையில் சுற்றி அடைக்கப் பாருங்கள். கிட்டப் போக முடியவில்லை என்றால் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் இறக்குங்கள், 101க்குச் சொல்லுங்கள். சூடேறிய சிலிண்டர் வெடிக்கும். சாமான் எடுக்கத் திரும்பி ஏறாதீர்கள்.

உடம்பில் தீக்காயம் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். 108.

ஒவ்வொரு மாடிப் படியிலும் பவுடர் தீயணைப்பான் மாட்டியிருக்கிறது. அதன் முள் பச்சையில் நிற்க வேண்டும், சிவப்புக்குப் போயிருந்தால் உடனே சொல்லுங்கள். ஜூன் 21 ஞாயிறு மாலை 5 மணிக்குப் பின்புறக் காலியிடத்தில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று செய்து காட்டுகிறோம். வீட்டுக்கு ஒருவராவது வரவும், அடுப்படியில் அதிகம் நிற்பவர் வந்தால் நல்லது.

சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டு உரிமையாளர்கள் இந்த அறிவிப்பைத் தங்கள் வாடகைக்காரருக்கு அனுப்பி, டியூப் ஆண்டையும் கேட்டு ஜூன் 30க்குள் சங்கத்துக்குத் தெரிவிக்கவும். புது டியூப் வாங்கச் சிரமப்படும் வீட்டுக்குச் சங்க நிதியிலிருந்து வாங்கித் தருவோம், செயலாளரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்