போகாத ஜிம்முக்கு 61 மாதச் சந்தா

2024 நவம்பர் முதல் வாரம், நிரந்தர வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தோடு வைக்க மூன்று மாத வாடகை கட்டிய ஆதாரம் தேவைப்பட்டது. மியூனிக்கில் ஆறு மணிக்கே இருட்டிவிட்ட ஒரு சாயங்காலம், குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு பேங்க் ஆப்பைத் திறந்தேன். வாடகைக்குக் கீழே ஒரு வரி, 19,90 யூரோ, அதாவது 19 யூரோ 90 சென்ட். பெயரைப் பார்த்தால் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனி மாதிரி இருந்தது. இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு இன்சூரன்ஸ் இருப்பதால், இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன் போல.

அன்றைக்கு என்னவோ தோன்றி, 19,90 என்று தேடும் பெட்டியில் போட்டேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி வாக்கில் ஒரு வரி. கடைசியில் போய் நின்ற இடம் 2019 அக்டோபர் 15. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குத் தெரியாது, பருப்பு கரைந்தே போய்விட்டது.

2019 அக்டோபரில் நான் ஆஹன் நகரில் மாஸ்டர்ஸ் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ரூம்மேட் தேனிக்காரன், "மச்சான், வின்டர்ல உடம்பு ஊதிரும்டா" என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனான். ஐந்து பக்க ஜெர்மன் ஒப்பந்தம். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன் ரொட்டிக் கடையோடு சரி. கையெழுத்துப் போட்டேன், நான்கு தடவை போனேன். அப்புறம் தேர்வு, அப்புறம் கொரோனா, அப்புறம் வேலை கிடைத்து மியூனிக். ஜிம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் பழைய ஹாஸ்டல் தபால் பெட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும். பணத்தை வசூலித்தது வேறொரு கம்பெனி என்பதால் ஸ்டேட்மென்ட்டில் ஜிம் பெயரே வரவில்லை.

61 மாதம். 1,213 யூரோ 90 சென்ட். நம்ம ஊர்க் காசுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த நான்கு நாளுக்கு வகுத்துப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது.

முதலில் தோன்றியது, பேங்கில் சொல்லிக் கடைசி இரண்டையாவது திருப்பிவிடலாம் என்பதுதான். ஐரோப்பாவில் இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்தை எட்டு வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக்கொள்ளலாம். மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதைச் சொன்னபோது தலையில் கை வைத்தார். "தம்பி, ஒப்பந்தம் சரியா இருக்கேக்கை காசைத் திருப்பினீர் எண்டால் அவங்கள் இன்காசோவுக்குக் குடுத்திடுவாங்கள். பிறகு அதுக்கும் சேர்த்துக் கட்டவேணும்." முப்பது வருடம் இங்கே இருப்பவர், கடன் வசூல்காரன் கடிதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். விட்டுவிட்டேன்.

அவர்தான் ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தும் காட்டினார். முதல் 24 மாதம் கட்டாயம், அதன்பின் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு வருடமாக நீளும். 2022 மார்ச்சிலிருந்து சட்டம் மாறி, இப்போதெல்லாம் நீட்டிப்பு வந்தாலும் ஒரு மாத அவகாசத்தில் வெளியே வந்துவிடலாம், ஆனால் அது அதற்குப்பின் போட்ட ஒப்பந்தங்களுக்குத்தான். என்னுடையது பழசு. அதுவும் மூன்று வாரத்துக்கு முன்புதான், அக்டோபர் 15-ஆம் தேதி, அடுத்த வருடத்துக்கு நீண்டிருந்தது. ஊர் மாறிவிட்டேன் என்பதும் செல்லாது, அதை ஜெர்மன் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாம்.

ரத்து செய்யும் வேலை மட்டும் இரண்டு நிமிடம். ஜிம்மின் வலைத்தளத்தில் அடியில் Verträge hier kündigen என்று ஒரு பட்டன், 2022 ஜூலையிலிருந்து வைத்தே ஆகவேண்டும். அழுத்தினேன். 14.10.2025-இல் முடியும் என்று மெயில் வந்தது. இன்னும் பதினொரு தவணை.

ஒரே ஒரு இடத்தில் பிடி கிடைத்தது. ஊரடங்கில் ஜிம் பூட்டிக் கிடந்த மாதங்களுக்கும் பணம் பிடித்திருந்தார்கள், அதைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தீர்ப்பு சொல்லியிருந்தது. 2020-இல் பிடித்தது காலாவதி. 2021-க்கு அந்த டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் கேட்டு, அண்ணன் திருத்திக் கொடுத்த கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டிசம்பர் 12-ஆம் தேதி 99,50 வந்தது. நான்கு நாள் கழித்து அதற்கு மேலேயே 19,90 போயிருந்தது.

இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. போன தீபாவளிக்குத்தான், படம் பார்க்க 149 ரூபாய் ஆட்டோபே போட்டு மறந்துவிட்டான் என்று அவனை அரைமணி நேரம் போனில் காய்ச்சியிருந்தேன், எக்செல் ஷீட் வேறு அனுப்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பத்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் அந்த ஷீட் திரும்பி வந்தது, புதிதாக ஒரு வரி சேர்த்து: "அண்ணன், ஜிம், 4 நாள்."