இந்த வருஷ நெல் பங்கு பற்றி

அன்புள்ள பிள்ளைகள் மூவருக்கும்,

பெரியப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கொஞ்சம், மற்றபடி நடமாட்டமாக இருக்கிறாள். போன வருஷம் பங்கை வாய்வார்த்தையாகச் சொன்னேன். ஆளுக்கு ஒரு விதமாக ஞாபகம் வைத்துக்கொண்டு பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை நீங்கள். அதில் என் தப்பும் உண்டு. அதனால்தான் இந்தத் தடவை எழுத்திலேயே தருகிறேன். மூன்று பேருக்கும் ஒரே கடிதம்தான், தனித்தனியாக யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் அந்த 112 மூட்டைப் பேச்சு. அறுத்த அன்றைக்கு 60 கிலோ மூட்டையாகப் பிடித்து 112 வந்தது உண்மை. சின்னவன் போனில் கேட்டபோது அந்தக் கணக்கைத்தான் சொன்னேன். ஆனால் அது ஈர நெல். மிஷின் அறுத்துக் கொட்டும்போது ஈரப்பதம் 22 சதவீதம் இருந்தது. நாலு வெயில் காட்டி 14-க்குக் கொண்டுவந்து திரும்ப எடை போட்டால் 101 மூட்டையும் ஒரு அரைச் சாக்கும்தான். தராசுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் நான்தான் நோட்டில் கோடு போட்டேன். குறைந்த நெல்லை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, தண்ணீர் வற்றியது, அவ்வளவுதான். பெரியவனே, இதை உன் வீட்டிலும் சொல்லிவிடு.

இனி 101-க்குக் கணக்கு. விதைக்கு 2 மூட்டை எடுத்து வைத்தாயிற்று. மூன்று ஏக்கருக்கு அது போதும். உழவு, நடவு, களை, உரம், அறுவடை மிஷின் வாடகை என்று நடுவுலவன் கைக்காசு போட்ட செலவை, களத்தில் வியாபாரி கேட்ட விலைக்கு நெல்லாக்கினால் 35 மூட்டை. சீட்டுகளெல்லாம் என்னிடம் இருக்கின்றன. உரக் கடைச் சீட்டு ஒன்று மட்டும் மழையில் நனைந்து அழிந்துவிட்டது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவனும் சரி என்றுவிட்டான்.

மோட்டார்தான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. புது மோட்டாருக்குச் சின்னவன் போட்ட பணம் 12 மூட்டைக்குச் சமம். முழுசையும் இந்த வருஷமே கழித்துக் கொடு என்கிறான். பூச்சிமருந்து மாதிரி ஒரு போகத்தில் தீர்ந்துபோகிற பொருளா அது? இன்னும் பல வருஷம் தண்ணீர் இறைக்கும். அதனால் மூன்று வருஷமாகப் பிரிக்கிறேன். வருஷத்துக்கு 4 மூட்டை. நடுவில் விளைச்சல் பொய்த்தாலும் அந்த 4 அவனுக்கு நிற்கும், அதற்கு நான் பொறுப்பு.

மீதி 60. இதில் 12 மூட்டை நடுவுலவன் உழைப்புக்கு. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து போய் மடை திருப்பியவன் அவன். நீங்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் கூலி ஆள் போட்டிருந்தால் இதைவிடக் கூடவே போயிருக்கும். அம்மா சாப்பாட்டுக்கு 8 மூட்டை. அவள் யார் வீட்டில் இருந்தாலும் இது அவளுடையதுதான், அந்த வீட்டுக் கணக்கில் சேராது. அந்த அரைச் சாக்கும் அவளுக்கே.

நிற்பது 40. அதை நாலாகப் பிரித்து ஆளுக்கு 10. நாலாவது யார் என்று கேட்க வேண்டாம். தங்கச்சியும் உங்கள் அப்பாவுக்குப் பிறந்தவள்தான், சட்டத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் காத்திருப்பது நமக்கு அழகில்லை.

ஆக, பெரியவனுக்கு 10, சின்னவனுக்கு மோட்டாரோடு சேர்த்து 14, தங்கச்சிக்கு 10, நடுவுலவனுக்கு 57. இந்த 57-ஐப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். 35 அவன் போட்ட முதல். உழைப்புக்கும் பங்குக்கும் சேர்த்து அவன் கையில் நிற்பது 22தான். வைக்கோல் முழுக்க அவன் மாட்டுக்கு. சாணம் திரும்ப நம் வயலுக்குத்தானே வருகிறது, அதில் கணக்குப் பார்க்க நான் தயாரில்லை.

பெரியவனே, 10 மூட்டைக்கு வண்டி வைத்து வருவது கட்டாது என்று நினைத்தால், இங்கேயே விற்றுப் பணமாக அனுப்பச் சொல்கிறேன். அன்றைய விலைச் சீட்டோடு வரும். ஒரு வார்த்தை போட்டுச் சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்கு பிரிக்கிறோம். ஆட்சேபணை இருந்தால் அதற்குள் எனக்குப் போன் பண்ணுங்கள், அம்மாவைக் கூப்பிட்டுப் புலம்ப வேண்டாம். அப்புறம், சாக்கு இரவல் வாங்கியது. நெல்லைக் கொட்டிக்கொண்டு காலிச் சாக்கை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெரியப்பா