அம்மிணியின் முதல் அகரம்: விஜயதசமிக் காலையில் பாடுவதற்கான எழுத்துப் பாட்டு

கொழிஞ்சாம்பாறையில் நம் வீட்டுத் திண்ணையில் பேத்தியை மடியில் அமர்த்தி, ஓட்டுருளியில் பரப்பிய பச்சரிசியில் அவள் விரலைப் பிடித்து எழுத வைக்கும்போது, அப்பத்தாவும் அத்தையும் சேர்ந்து பாடுவதற்காக இதை எழுதியிருக்கிறேன். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் கவிஞர் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்த குருமடம் பக்கத்துச் சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்பதால், எழுத்தினிருத்து என்னும் இந்தச் சடங்கை இவ்வூரில் எவரும் சிறிதாக எண்ணுவதில்லை. ‘ஹரி ஸ்ரீ கணபதயே நமஹ’ என்று பொன்மோதிரத்தைத் தேனில் தோய்த்து நாவில் எழுதுவதை முறைப்படி முதலில் முடித்துவிடுவோம். நம் அரிச்சுவடியின் பெயரிலேயே அந்த ‘ஹரி’ ஒளிந்திருக்கிறது. அதன்பின் அரிசியில் எழுதப்போவது தமிழ் அகரம் என்பதால், அதற்குத் தமிழில் ஒரு பாட்டு வேண்டும் என்று தோன்றியது.

247 எழுத்துகளையும் பாட்டில் அடக்கப் பார்த்துத் தோற்றேன். 12 உயிரெழுத்துகளைக்கூட ஒரே மூச்சில் கேட்டால் மூன்று வயதுக் குழந்தைக்குக் கொட்டாவிதான் வரும். ஆகவே ஓர் எழுத்துக்கு மட்டுமே இந்தப் பாட்டு. குழந்தையை உட்கார வைக்கும்போது தாலாட்டின் நடையில் தொடங்குங்கள்.

வந்தமர்வாய் அப்பாரு மடியினிலே அம்மிணியே,
சந்தனமும் பொட்டும்வைத்துத் தாய்கொணர்ந்த கண்மணியே;
முந்தாநாள் பூசைவைத்து மூடிவைத்த ஏடெல்லாம்
இந்தநாள் விரித்தெடுத்தோம், எழுதிடவே வாராயோ!

தட்டிவைத்துப் பரப்பிவைத்தோம் தன்வயலின் பச்சரிசி;
கொட்டிவைத்த குவியலல்ல, கோலமிடும் மாவுமல்ல;
எட்டிநின்ற மலையிடுக்கில் இரைந்துவரும் காற்றினிலே
பட்டுலர்ந்த நெல்லுக்குள்ளே பால்முதிர்ந்த மணியம்மா.

அடுத்த நான்கு அடிகளையும் விரலின் வேகத்துக்கு ஏற்பவே பாட வேண்டும். ஓர் அடிக்கு ஓர் இழுப்பு என்று அமைத்திருப்பதால், விரல் நின்றால் பாட்டும் நிற்கட்டும், அதே அடியை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பாடுங்கள்.

மெல்லவிரல் வைத்திடம்மா, மேலேயொரு சுழிபோடு;
செல்லமகள் கைவளையத் திரும்பிவந்து கீழேபோ;
நெல்லரிசி ஒதுங்கிவிடும், நேர்குறுக்கே இழுத்துப்போ;
நில்லுமிடம் வந்ததம்மா, நெடுங்கோடு கீழிறக்கு.

எழுத்து முடிந்ததும் கைதட்டிக் கும்மியின் நடைக்கு மாறலாம். இந்தக் கண்ணியை எழுதும்போதுதான், அவளை நாம் கூப்பிடும் சொல்லும் அகரத்தில்தான் தொடங்குகிறது என்பது எனக்கே உறைத்தது.

அம்மையிலே முன்நிற்கும், அப்பனிலே முன்நிற்கும்;
அம்மியிலும் அடுப்பினிலும் அரிசியிலும் முன்நிற்கும்;
அம்மிணியென் றழைப்பதிலும் அதுதானே முன்நிற்கும்;
செம்மையுடன் நீயெழுதச் சிரித்திருக்கும் எழுத்தம்மா.

பள்ளிசென்றால் மலையாளப் பலகையிலும் அகரம்வரும்;
துள்ளிவரும் தோழியவள் தொட்டெழுதும் வடிவம்வேறு;
உள்ளிருக்கும் ஒலியொன்றே, உன்வாயில் பிறப்பதுவே;
அள்ளிக்கொள் இரண்டினையும், அரிசியள்ளும் கைபோல.

குழந்தை சிணுங்கினால் மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு, நேராக இதற்கு வந்துவிடுங்கள்.

கோணலென்றால் அழவேண்டாம், கைதடவிச் சமன்செய்வோம்;
ஆணிகொண்டு கீறிவைத்த அந்தநாள் ஓலையல்ல;
காணவந்தோர் காத்திருப்பார், காலையொன்றும் ஓடவில்லை;
வேணுமட்டும் எழுதம்மா, விரல்சோர்ந்தால் எழுந்திடலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஓலையையும் எழுத்தாணியையும் கையில் கொடுப்பதற்கு முன்னர்ப் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதிப் பழகினார்கள். அந்த வழக்கத்தை விடவேண்டாம் என்பதற்காக வாசலில் ஒரு முழ அகலத்துக்கு மணல் பரப்பச் சொல்லியிருக்கிறேன். அங்கே எவரும் அவள் கையைப் பிடிக்கக் கூடாது. அவள் கீறுவது அகரமாக இல்லாமல் வெறும் வட்டமாக இருந்தாலும் திருத்தாமல் பாடி முடியுங்கள்.

ஆற்றுமணல் சலித்தெடுத்து வாசலிலே பரப்பிவைத்தோம்;
காற்றுவந்து கலைக்குமுன்னே கைதனியே எழுதிப்பார்;
நேற்றுவரை கோழிகளின் நகக்கீறல் கண்டஇடம்
மாற்றியினி உன்கையின் அகரத்தைக் காணட்டும்.

உருளியிலிருக்கும் அரிசியை எவரும் கொட்டிவிட வேண்டாம். அன்று மாலையே அதை வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசமாக வைத்து, முதல் கரண்டியை எழுதியவளுக்கே கொடுத்துவிடுங்கள்.